+C போட்டு அப்புறம் கண்டுபிடிப்பதா, எல்லை போட்டே தொகையிடுவதா?

ஒரு டம்ளர் டீயை வைத்தே பேசலாம். ஊற்றும்போது 90 டிகிரி, அறை 30 டிகிரி. நியூட்டனின் குளிர்வு விதிப்படி, டீக்கும் அறைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் சூடு இறங்கும். அந்த வித்தியாசத்தை எந்த எண்ணால் பெருக்கினால் வேகம் கிடைக்கும் என்பது டம்ளரைப் பொறுத்து மாறும், அதை நிமிடத்துக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம்.

```
dT/dt = -0.1 (T - 30),   T(0) = 90
```

சமன்பாடு வேகத்தை மட்டும்தான் சொல்கிறது, எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லவில்லை. 70 டிகிரியில் ஊற்றிய டீக்கும் இதே சமன்பாடுதான். அதனால் இதற்கு எண்ணற்ற தீர்வுகள், அதில் நம்முடைய டம்ளர் எது என்று அடையாளம் காட்டுவதுதான் தொகையிடல் மாறிலியின் வேலை. அதைப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி எல்லாருக்கும் சொல்லித்தருவது. T பக்கம் ஒன்று, t பக்கம் ஒன்று எனப் பிரித்துத் தொகையிட்டு, அந்த இடத்திலேயே C போட்டுவிட வேண்டும்.

```
ln(T - 30) = -0.1 t + C
```

t = 0 என்றால் T = 90, ஆக C = ln 60. மடக்கையை நீக்கினால் T = 30 + 60 e^(-0.1t). பத்து நிமிடம் கழித்து டீ சுமார் 52 டிகிரி. கவனித்தீர்களா, C என்பது 90 இல்லை, 60கூட இல்லை, ln 60. தொடக்க மதிப்பைப் பார்த்ததும் அதையே C என்று எழுதிவிடுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. y' = sin t, y(0) = 0 என்ற சின்னக் கணக்கில்கூட y = -cos t + C, அங்கே C = 1, பூஜ்ஜியம் அல்ல.

இந்த வழியில் பெரிய ஆபத்து வேறு: C-ஐ மறந்துவிட்டு, கடைசி வரியில் ஞாபகம் வந்து ஒட்டவைப்பது. அப்படிச் செய்தால் T = 30 + e^(-0.1t) + C என்று வரும், T(0) = 90 போட்டால் C = 59, விடை T = 89 + e^(-0.1t). தொடக்க நிபந்தனை அச்சு அசலாகப் பொருந்துகிறது, அதனால் சந்தேகமே வராது. ஆனால் இந்த டீ எத்தனை மணி நேரம் ஆனாலும் 89 டிகிரிக்குக் கீழே இறங்காது! சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளும்: t = 0-வில் இடப்பக்கம் -0.1, வலப்பக்கம் -6. நிபந்தனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மடக்கை இருந்த வரியில் கூட்டலாக இருந்த C, மடக்கை நீங்கியதும் e^C என்ற பெருக்கலாக மாறிவிடுகிறது, அதன்பின் ஒட்டவைத்தால் அது வேறு ஆள்.

இரண்டாவது வழியில் C என்ற எழுத்தே வராது. தொடக்கப் புள்ளியைக் கீழ் எல்லையாகப் போட்டு, வரையறுத்த தொகையிடலாகவே செய்கிறோம்.

```
∫[90→T] du/(u - 30) = -∫[0→t] 0.1 ds
ln((T - 30)/60) = -0.1 t
```

அதே விடை, ஒரு வரி குறைவு, மறக்க எதுவும் இல்லை. இங்கே சறுக்குகிற இடம் கீழ் எல்லை. t பக்கம் 0 போட்டோமே என்று T பக்கமும் 0 போட்டுவிடுவார்கள். t = 0-வில் T எவ்வளவு என்று கேட்டால் 90 என்று அதுவே சொல்லும். இரண்டு கீழ் எல்லைகளும் ஒரே நொடியைச் சேர்ந்த ஜோடி.

சரி, எது நல்லது? ஒரே ஒரு தொடக்க மதிப்பு கொடுத்து விடை கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். y' = e^(-x²), y(0) = 1 மாதிரி, தொகையைச் சாதாரணச் சார்புகளால் எழுதவே முடியாத கணக்கில் அதுதான் கைகொடுக்கும்: y = 1 + ∫[0→x] e^(-s²) ds, இதுவே முழு விடை, எண்ணாகவும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் 90, 80, 70 என்று பல டம்ளர்களை ஒப்பிட வேண்டுமென்றால் முதல் வழி. T = 30 + A e^(-0.1t) என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு டம்ளருக்கும் A மட்டும் மாறும், 70 டிகிரி டீக்கு A = 40.

இரண்டுமே கைவிடுகிற டம்ளர் ஒன்று உண்டு: 30 டிகிரியிலேயே இருக்கும் ஆறிய டீ. T - 30 பூஜ்ஜியம், அதனால் வகுக்கவும் முடியாது, மடக்கையும் எடுக்க முடியாது. அதற்கு T = 30 என்ற தீர்வைத் தொகையிடாமல், சமன்பாட்டைப் பார்த்தே எழுத வேண்டும்.