உடைத்தால் என்ன மாறும்? சாதா சோல்பிடெமும் மெதுவாக விடும் சோல்பிடெமும்

தூக்கத்துக்குத் தரப்படும் சோல்பிடெம் மாத்திரை முக்கியமாக இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 5, 10 மி.கி. அளவுகளில் வரும் சாதா மாத்திரை ஒன்று. 6.25, 12.5 மி.கி. அளவுகளில் வரும், பெயரோடு சி.ஆர். அல்லது ஈ.ஆர். என்ற எழுத்துகள் ஒட்டியிருக்கும் மெதுவாக விடும் மாத்திரை இன்னொன்று. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான். ஆனால் ஒன்றைப் பொடித்தால் பெரிதாக எதுவும் நடக்காது. மற்றதைப் பொடித்தால் அது வேறு மாத்திரையாகிவிடும்.

ஒரு மாத்திரை எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பது இரண்டு வேகங்களைப் பொறுத்தது. மாத்திரையிலிருந்து மருந்து வெளியே வரும் வேகம் ஒன்று. உள்ளே போன மருந்தைக் கல்லீரல் சிதைத்துத் தள்ளும் வேகம் மற்றொன்று. நாம் உடைப்பதும் பொடிப்பதும் முதலாவதை மட்டுமே தொடுகின்றன. கல்லீரலுக்கு மாத்திரை முழுசாக வந்ததா, தூளாக வந்ததா என்று தெரியாது.

சாதா சோல்பிடெமை முதலில் பார்ப்போம். வயிற்றில் ஈரம் பட்டதும் விரைவில் உதிர்ந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் அது உச்சத்தைத் தொட சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அந்த நேரத்தில் பெரும்பகுதி மருந்து வயிற்றைக் கடந்து சிறுகுடலுக்குப் போய் உறிஞ்சப்படுவதற்குத்தான் போகிறது, மாத்திரை உதிர்வதற்கு அல்ல. அதனால் கடித்து விழுங்கினால் சீக்கிரம் தூக்கம் வரும் என்று நினைப்பவர்களுக்கு மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள் லாபம், கூடவே வாயெல்லாம் கசப்பு. உண்மையில் வேகத்தைக் கெடுப்பது சாப்பாடு. மருந்துக் குறிப்பேட்டின்படி, சாப்பிட்ட பின் போட்டால் உச்சத்தைத் தொடும் நேரம் 1.4 மணியிலிருந்து 2.2 மணி நேரமாகத் தள்ளிப்போகிறது, உச்சமும் கால்வாசி குறைகிறது. அவசரப்படுபவர் மாத்திரையைக் கடிப்பதைவிட இரவு உணவுக்கும் மாத்திரைக்கும் நடுவே இடைவெளி விடுவதே மேல்.

மெதுவாக விடும் வடிவத்தின் கதை வேறு. உறைபோட்ட அந்த மாத்திரைக்குள் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஓர் அடுக்கு உடனே கரைந்து தூங்க வைக்கிறது. இன்னொன்று மருந்தை மெல்ல மெல்ல விட்டு, நடு இரவில் விழிப்பு வராமல் பார்த்துக்கொள்கிறது. விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் ரத்தத்தில் அளவு சாதா மாத்திரையைவிடக் கூடுதலாக நிற்பது இந்த இரண்டாம் அடுக்கின் வேலை. மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் பாருங்கள்: சாதாவில் சுமார் 2.5 மணி, இதில் சுமார் 2.8 மணி. ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் நேரம் முழுவதும் மாத்திரையின் கட்டமைப்பிலிருந்துதான் வருகிறது, அதைத்தான் பொடிக்கும்போது நொறுக்குகிறோம்.

ஒருவர் 12.5 மி.கி. சி.ஆர். மாத்திரையை விழுங்க முடியாமல் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதா 10 மி.கி. மாத்திரையில் சராசரி உச்சம் மில்லிலிட்டருக்கு 121 நானோகிராம். முழுசாக விழுங்கிய 12.5 மி.கி. சி.ஆரில் 134. சோல்பிடெமில் அளவு கூடினால் உச்சமும் அதே விகிதத்தில் கூடும் என்பதால், பொடித்த 12.5 சுமார் 150-ஐத் தொடும் என்று கணக்கிடலாம். உச்சம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. ஆனால் பின்பகுதி போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் 150 என்றால் நான்காம் மணி நேரத்தில் 75 அளவுக்கு வந்துவிடும், ஆறரை மணி நேரத்தில் 40-க்கும் கீழே. இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வழக்கத்தைவிட அதிகத் தள்ளாட்டம், நாக்குக் குழறல், கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறி விழுதல். அப்புறம் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. இதைப் பார்த்து “மாத்திரை போதவில்லை” என்று டாக்டரிடம் சொன்னால், பொடித்த விஷயம் தெரியாத டாக்டர் அளவைக் கூட்டக்கூடும். எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இதுதான்.

பாதியாக வெட்டுவது பொடிப்பதைவிட மென்மையாகத் தோன்றும். ஆனால் சி.ஆரை வெட்டினால் உறை திறந்து புதிய பரப்பு ஈரத்தில் படும், மெதுவாக விட வேண்டிய அடுக்கு வேகமாகக் கரையும். எவ்வளவு வேகமாக என்று யாரும் உறுதியளிக்க முடியாது. சாதா மாத்திரையில் வெட்டுவதன் சிக்கல் வெறும் அளவு சார்ந்தது. நடுவில் கோடு போட்டுத் தயாரித்திருந்தால் பாதிகள் ஓரளவு சமமாக வரும், கோடில்லாததைக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெருத்தும் மற்றது சிறுத்தும் போகும்.

மெதுவாக விடுவதே எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. அந்த நீண்ட பின்பகுதி காலை வரை நிற்கும். 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட தகவல்படி, போட்டு எட்டு மணி நேரம் கழித்தும் வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கக்கூடிய அளவான 50 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்கள், சாதா 10 மி.கி.யில் பெண்களில் சுமார் 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். சி.ஆரில் பெண்களில் 33, ஆண்களில் 25 சதவீதம். பெண்களுக்கான தொடக்க அளவை அப்போதுதான் பாதியாக்கினார்கள். படுக்கப் போனதும் தூக்கம் வராததுதான் பிரச்சினை என்றால், சாதாவே போதும் என்பது என் கட்சி. நடு இரவில் விழிப்பவருக்குத்தான் சி.ஆருக்கு அர்த்தம் உண்டு.

சோல்பிடெமில் உச்சம் கொஞ்சம்தான் ஏறுகிறது என்ற தைரியத்தை வேறு மருந்துகளுக்குக் கொண்டுபோகக் கூடாது. பதற்ற நோய்க்குத் தரும் அல்பிரசோலாமில் சாதா மாத்திரையை நாளுக்கு மூன்று முறையாகப் பிரித்துப் போடுவார்கள். அதன் மெதுவாக விடும் வடிவமான எக்ஸ்.ஆர். என்றால் ஒரே மாத்திரையில் முழு நாளுக்கும் உரியது இருக்கும், சுமார் 5-இலிருந்து 11 மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறக்குறைய மட்டமாக நிற்கும். அதைப் பொடித்தால் மூன்று வேளை மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம் ஆவதால், நேரமும் பெரிதாகக் குறையாது. உச்சம்தான் எகிறும். மதுவோ ஓபியாய்டு வலி நிவாரணியோ கூட இருந்தால் மூச்சு மந்தமாகும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பதற்றத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான டயஸிபாம் எதிர்க் கோடி. அது உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால், சாதா மாத்திரையை உடைத்தாலும் பொடித்தாலும் நீடிக்கும் நேரம் அசையவே அசையாது.

விழுங்க முடியாதவருக்கு வழி, வேறு வடிவம் கேட்பது. சி.ஆருக்குப் பதில் சாதா மாத்திரை, அல்லது அந்த மருந்து கிடைக்கும் இடத்தில் திரவம். மி.கி. எண்ணை அப்படியே மாற்றிப் போடக் கூடாது, 12.5 சி.ஆருக்கு ஈடு 12.5 சாதா அல்ல. நாக்கடியில் கரைக்கும் சோல்பிடெமும் உண்டு, ஆனால் அதை விழுங்கினால் அதன் வேகம் போய்விடும். அளவைக் குறைத்து நிறுத்த நினைப்பவர் சி.ஆரைத் துண்டு போட்டுக் குறைக்காமல், சிறிய அளவுகளில் கிடைக்கும் சாதா வடிவத்துக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். அட்டையில் சி.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்து இல்லை என்பதால் மட்டும் அது சாதா மாத்திரை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எல்லா நிறுவனங்களும் பெயரோடு அதைச் சேர்ப்பதில்லை, மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டி “இதைப் பொடிக்கலாமா” என்று கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.