ஆக்சிஜன் டிரிம் வாங்குமுன் புரோப்பை எங்கே பொருத்துகிறார்கள் என்று பாருங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஃபர்னஸ் ஆயிலில் எரியும் ஒரு ஃபோர்ஜிங் உலையை நடத்தி வருகிறேன். எண்ணெய்ச் செலவு குறையும் என்று ஒரு விற்பனையாளர் கொடுத்த வாக்கை நம்பி, ஆக்சிஜன் டிரிம் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஆறு மாதங்களில் எண்ணெய்ச் செலவு கூடியதுடன், காற்றைச் சூடாக்கும் ரெக்குப்பரேட்டரின் குழாய்களும் ஓட்டையாகிவிட்டன. இதே உலை வைத்திருப்பவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

கருவி வருவதற்கு முன், பர்னருக்குப் போகும் காற்றையும் எண்ணெயையும் ஒரு விகிதக் கட்டுப்பாட்டுக் கருவி இணைத்து நடத்தியது. உலையை விட்டு வெளியேறும் புகையில் 3.5 சதவீத ஆக்சிஜன் இருக்குமாறு அதைக் கையால் சரிசெய்து வைத்திருந்தோம். எரியத் தேவையானதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் காற்று கூடுதலாகப் போகிறது என்பது அதன் பொருள். டிரிம் செய்வது இந்த விகிதத்தின் மேல் ஒரு சிறு திருத்தம் மட்டுமே. புகையில் ஆக்சிஜன் கூடினால் காற்றைச் சற்றுக் குறைக்கும், குறைந்தால் சற்றுக் கூட்டும்.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்க எங்களுக்குப் பொருத்திய ஜிர்கோனியா புரோப்பை உலை வாயிலில் வைக்கவில்லை. ரெக்குப்பரேட்டரையும் தாண்டி, சிம்னிக்குப் போகும் டக்டில் செருகினார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. உலை வாயிலில் புகை 1,000 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டைத் தாங்க பீங்கான் உறையுள்ள புரோப் வேண்டும், அதன் விலை அதிகம். உலோக உறையுள்ள மலிவான புரோப்புக்குச் சூடு குறைந்த இடம் வேண்டும் என்பதால் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதை எங்களிடம் சொல்லாமல் மறைத்தார்கள்.

அந்த இடத்தில் வெளிக்காற்று புகையுடன் கலந்துவிடுகிறது. ப்ளோயர் தள்ளும் காற்று ரெக்குப்பரேட்டர் குழாய்களின் விரிசல் வழியே புகைப்பக்கம் கசியும். டக்ட் இணைப்பு இடுக்குகளில் சிம்னியின் இழுவை வெளிக்காற்றை உறிஞ்சும். உலையில் ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டாலும், ஆறு பங்கு புகையுடன் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்தால் போதும், 20.9 சதவீதத்தில் ஏழில் ஒன்றாக, பேனலில் 3 சதவீதம் தெரியும். டிரிமுக்கு நாங்கள் வைத்திருந்த இலக்கும் அதே 3 என்பதால், பேனல் முன் நின்றவர் எவரும் சந்தேகப்படவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். கசிவால் அளவு கூடித் தெரிந்தபோது டிரிம் காற்றைக் குறைத்தது. பர்னரில் எண்ணெய் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாயிற்று. அந்த வாயு ரெக்குப்பரேட்டருக்குள் கசிந்த சூடான காற்றைச் சந்தித்து அங்கேயே எரிந்து குழாய்களைக் கருக்கியது. குழாய் கருகக் கருகக் கசிவு கூடியது. கசிவு கூடக் கூட டிரிம் இன்னும் காற்றைக் குறைத்தது. பொருத்தியவர்கள் திருத்த எல்லையைக் கழித்தல் 25 சதவீதம் வரை திறந்து விட்டிருந்ததால் அதைத் தடுக்கவும் ஒன்றுமில்லை.

முதலில் கவனித்தவர் எங்கள் மேஸ்திரி. பார்வைத் துளைக்கு எதிரே வெள்ளைத் துணியைக் காட்டி எடுத்து, "சார், இதைப் பாருங்க" என்றார். துணியில் பிசுபிசுப்பான கரி படிந்திருந்தது. மறுநாள் கையடக்கப் புகை ஆய்வுக் கருவியை வாடகைக்கு எடுத்து, ரெக்குப்பரேட்டருக்கு முன்னால் உலை வாயிலில் நீண்ட பீங்கான் குழாய் வழியாகப் புகையை இழுத்து அளந்தோம். ஆக்சிஜன் 0.2 சதவீதம், கார்பன் மோனாக்சைடு அந்தக் கருவியின் உச்ச அளவைத் தாண்டிவிட்டது. அதே நிமிடத்தில் பேனல் காட்டியது 3.0, டிரிம் நின்றது கழித்தல் 18 சதவீதத்தில்.

இரு கருவிகளுக்கும் இடையே சிறு வேறுபாடு இயல்பானதே. ஜிர்கோனியா ஈரத்துடன் அளக்கிறது, கையடக்கக் கருவி நீராவியை நீக்கிவிட்டு அளக்கிறது. ஆகவே பேனலில் 3 என்றால் கையடக்கக் கருவியில் 3.4 அளவில், அதாவது சற்றுக் கூடுதலாகத்தான் வரவேண்டும். எங்களுக்கு நேர்மாறாகக் குறைந்து வந்ததே கசிவுக்குச் சான்று.

விற்பனையாளரிடம் அளவுகளைக் காட்டியபோது, "எங்க புரோப் சரியாத்தான் படிக்குது சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த டக்டில் இருந்ததைப் புரோப் சரியாகவே படித்தது. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இடத்தை மாற்றவும் குழாய்ச் செலவில் பங்கேற்கவும் மறுத்துவிட்டார். தொகையில் பத்தில் ஒன்பது பங்கை முன்பே கொடுத்திருந்ததால் எங்கள் பேச்சுக்கு வலுவில்லை.

நீங்கள் வாங்குவதானால், புரோப் உலை வாயிலில், ரெக்குப்பரேட்டருக்கு முன்னால் வரவேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். திருத்த எல்லையைக் கழித்தல் 5 சதவீதத்துக்குள் பூட்டச் சொல்லுங்கள். அந்த எல்லையைத் தொட்டால் மணி அடிக்க வேண்டும். உங்கள் ஆளே ரெக்குப்பரேட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்து, கார்பன் மோனாக்சைடையும் குறித்துக் கையெழுத்திட்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். நாங்கள் இப்போது குழாய்களை மாற்றி, டிரிமை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை கையால் அளந்து ஓட்டுகிறோம்.