லூடோவா, கேரமா, ரம்மியா: ஞாயிறு ஏழு மணிக்கு எதை ஆடுவது?

பெரம்பூரில் அம்மாவும் நானும், சிங்கப்பூரில் அக்கா, நியூ ஜெர்சியில் தம்பி. ஞாயிறு இரவு ஏழுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டே ஆப்பில் ஆட உட்காருவோம். அக்காவுக்கு அப்போது இரவு ஒன்பதரை, தம்பிக்குக் காலை ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதால் அவனுக்கு எட்டரையாகிவிடும். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்று ஆட்டங்களையும் ஆடிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பலகைக்குள் நடப்பதற்கு ஆப்தான் நடுவர். வெளியே நடப்பதற்கு மட்டுமே நாம் விதி போட முடியும்.

நாங்கள் ஆடிய ஆப்பில் கேரம் இருவருக்கு அருமை, நால்வருக்கு ஆகாது. இருவர் ஆட, மற்ற இருவர் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. ரெட் போட்டு ஃபாலோ போடுவதில் அம்மா கெட்டிக்காரி, ஆனால் விரலால் சுண்டும் அந்தப் பழக்கம் திரையில் உதவவில்லை. இன்னொன்று, சில ஆப்களில் மேலே ஏற்றிய ஸ்ட்ரைக்கருக்குக் குறிபார்க்கும் கோடு நீளமாக வரும். அதனால் எல்லோரும் முதலில் கிடைக்கும் ஸ்ட்ரைக்கரையே எடுக்க வேண்டும் என்று வைத்தோம். அதன் பிறகுதான் ஆட்டம் சமமானது.

ரம்மியில் நால்வரும் ஒரே நேரத்தில் ஆடலாம். சிக்கல் எங்கள் வீட்டு சோபாவில்தான்: பக்கத்தில் இருப்பவர் கை கண்ணில் படும். அம்மா ஒரு அறை, நான் ஒரு அறை என்றானதும் சரியானது. முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, ஃபுல் கவுண்ட் 80 என்று புள்ளிகளை நோட்டில் எழுதுகிறோம். பணம் வைத்து ஆடும் ஆப் பக்கமே போவதில்லை. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது.

என் ஓட்டு லூடோவுக்கு. அம்மாவுக்குத் தாயம் ஆடிய நினைவு இருப்பதால், ஒன்று விழுந்தால் காய் இறங்கும் என்று முதலில் காத்திருந்தார். இங்கே ஆறு விழ வேண்டும் என்பது இரண்டு ஆட்டத்தில் பழகிவிட்டது. அவசரம் இல்லாததால் பேச்சும் ஓடுகிறது.

ஆனால் நெட் போனால் லூடோதான் அதிகம் சண்டை மூட்டும். ஒருவர் தொடர்ந்து ஆடாவிட்டால் ஆப் அவரை வெளியே தள்ளிவிடும். தம்பி மூன்று காயைப் பழமாக்கியிருந்தபோது அப்படித்தான் ஆயிற்று. அவன் முகம் வீடியோவில் உறைந்து நின்றது, அப்புறம் அவன் பெயரே இல்லை. வெளியேறியவன் கடைசி என்று நான் சொல்ல, அரை மணி நேரம் வாக்குவாதம்.

இப்போது விதி இது. யாராவது உறைந்தால் அக்கா உடனே ஸ்கிரீன்ஷாட் எடுப்பாள். யாருக்கும் இரண்டு காய் பழமாகவில்லை என்றால் புது ரூம், முதலிலிருந்து. ஆகியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பழம் அதிகம் உள்ளவரிலிருந்து வரிசையாக 3, 2, 1, 0 என்று புள்ளி. பழம் சமமானால், வீட்டுக்கு மிக அருகில் காய் வைத்திருப்பவர் முன்னே. அன்றைய ஆட்டத்தை இந்தக் கணக்கில் போட்டால் தம்பி மூன்று பழம், அக்கா இரண்டு, அம்மா ஒன்று, எனக்கு ஒன்றும் இல்லை. நோட்டில் அப்படியே திருத்தி எழுதிவிட்டேன்.