அகலப் படத்தின் கிழிந்த ஓரங்கள்: வெட்டுவதா, இழுப்பதா, நிரப்புவதா?

அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவதில் இன்று எந்த மென்பொருளும் பெரிதாகத் தோற்பதில்லை. லைட்ரூம், போட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் ஹுகின் என மூன்றிடமும் ஒரே படங்களைக் கொடுத்தால், நடுவில் நிற்கும் மலைத்தொடர் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வரும். வேறுபாடு ஓரத்தில்தான் தெரிகிறது. ஒட்டி முடித்ததும் மேலும் கீழும் படிக்கட்டுபோல் கிழிந்து நிற்கும் அந்த ஓரத்தை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, நம்மை என்ன செய்ய விடுகிறது என்பதை வைத்துத்தான் நான் இவற்றைத் தரம் பிரிப்பேன்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பள்ளி ஆண்டு விழா மேடைக்கு 24 அடி அகலம், 8 அடி உயரத்தில் ஒரு பின்னணி பேனர் வேண்டும். கோத்தகிரிக்கு அருகிலுள்ள கொடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கு தெரியும்படி ஆறு படங்கள் எடுக்கிறோம். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவை 50 மி.மீ. லென்ஸுடன் செங்குத்தாகப் பிடித்தால், ஒரு படத்தில் பக்கவாட்டில் 27 பாகை அடங்கும். ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு முந்தைய படத்தின்மேல் படியும்படி 18 பாகை வீதம் திரும்பினால் ஆறும் சேர்ந்து 117 பாகையை மூடிவிடும். ஒட்டிய படம் ஏறத்தாழ 17,000 பிக்சல் அகலம் வரும். 24 அடிக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 59 பிக்சல். சில அடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது தாராளம்.

சிக்கல் உயரத்தில் வருகிறது. முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுக்கும்போது கேமரா சிறிது சிறிதாகச் சாயும். ஒவ்வொரு படமும் முந்தையதைவிட 180 பிக்சல் கீழே இறங்கியிருந்தால், கடைசிப் படம் முதல் படத்தைவிட 900 பிக்சல் தாழ்ந்து நிற்கும். ஒரு படத்தின் உயரம் 6,000 பிக்சல். ஆனால் ஆறு படங்களும் சேர்ந்து முழுமையாக நிரப்பும் பட்டை 5,100 பிக்சல்தான். பேனரோ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேண்டும். வெறுமனே வெட்டினால் அகலமும் 15,300 பிக்சலாகச் சுருங்கி, பள்ளத்தாக்கின் ஒரு முனையில் 12 பாகைக் காட்சி போய்விடும்.

வெட்டுவது, இழுப்பது, நிரப்புவது என்று வழிகளை எடைபோடும் முன்னர் ஓரத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அது காரணத்தைச் சொல்லிவிடும். படிக்கட்டாக இறங்கினால் கை சாய்ந்திருக்கிறது. அது மட்டும்தான் நிரப்பத் தகுந்த குறை. ஓரம் வில்லாக வளைந்து, அடிவானமும் அதனுடன் வளைந்திருந்தால், கேமரா மேலோ கீழோ நோக்கியிருந்ததை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள். படத்தை நேராக்கினால் அந்த வளைவு போய்விடும், நிரப்ப வேண்டியதில்லை. நடு ஒடுங்கி இரு முனைகளும் விரிந்திருந்தால், சுற்றியுள்ள காட்சியைப் படத்தளத்தில் பரப்பும் விரிப்பு முறை தவறு. 117 பாகையைத் தட்டையான விரிப்பில் வைத்தால் ஓரத்து மரம் நடுவில் உள்ளதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் அகலமாகும். உருளை விரிப்புக்கு மாற்றினாலே பாதி ஓரம் சரியாகிவிடும். இந்த இரண்டையும் திருத்தாமல் நேரே நிரப்பப் போகிறவர்கள்தான் பிறகு மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

இழுக்கும் வழியில் லைட்ரூமுக்குத்தான் பெயர். Photo Merge பலகையில் Boundary Warp என்றொரு பட்டி இருக்கும். அதை 0-விலிருந்து 100-க்கு நகர்த்தினால் கிழிந்த ஓரம் ரப்பர் துணிபோல் இழுபட்டுச் செவ்வகத்தை நிரப்பும். இதன் பெரிய நன்மை, எதுவும் புதிதாக முளைப்பதில்லை. படத்தில் இருப்பதெல்லாம் உண்மையில் அங்கே இருந்ததுதான். கிடைக்கும் கோப்பும் DNG என்னும் மூலத்தரவு வகை என்பதால் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிறகு தாராளமாகத் திருத்தலாம். மலை, காடு, தேயிலைச் சரிவு போன்றவை எந்த வடிவிலும் இருக்கக்கூடியவை. கொஞ்சம் இழுபட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஆனால் நேர்கோடு உள்ள இடத்தில் இந்தப் பட்டி வஞ்சகன். கடலின் அடிவானம், கட்டடத்தின் தளவரிசை, மின்கம்பம் எல்லாம் மெல்ல நெளியும். முன்னோட்டம் சிறியதாக இருப்பதால் அந்த நெளிவு அங்கே தெரியாது, அச்சில் தெரியும். ஓரத்துக்கு அருகில் ஒரு கம்பத்தைத் தேர்ந்து, பட்டியை 0-விலும் 100-லும் வைத்து அது சாய்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. சாய்ந்தால் 30 அல்லது 40-உடன் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வெட்டலாம். அதே பலகையில் Fill Edges என்ற தேர்வும் உண்டு. அது மிச்ச வெற்றிடத்தை அருகிலுள்ள தோற்றத்தைக் கொண்டு நிரப்பும். எங்கிருந்து எடுத்து நிரப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. வானத்துக்கு ஒத்துவரும், கீழ் ஓரத்தில் வேலியோ பாதையோ இருந்தால் நம்ப முடியாது.

அந்தக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் போட்டோஷாப். ஆனால் Photomerge பலகையிலேயே நிரப்பச் சொல்லும் Content Aware Fill Transparent Areas கட்டத்தில் குறியிடாதீர்கள். அது மொத்தப் படத்திலிருந்தும் துண்டுகளை எடுக்கும். வானத்தில் நிரப்பும் இடத்துக்கு அருகில் மரத்தலை இருந்தால், மேகத்துக்குள் இன்னொரு மரத்தலை முளைத்து நிற்கும். குறியிடாமல் ஒட்டி, அடுக்குகளை ஒன்றாக்கி, வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்து, தேர்வைச் சில பிக்சல்கள் உள்ளே விரிக்க வேண்டும். ஒட்டிய படத்தின் விளிம்புப் பிக்சல்கள் பாதி ஒளி ஊடுருவுபவையாக இருக்கும். விரிக்காவிட்டால் நிரப்பிய இடத்துக்கும் படத்துக்கும் இடையே மயிரிழைக் கோடு ஒன்று தங்கிவிடும்.

பிறகு Edit பட்டியலில் உள்ள Content-Aware Fill பலகைக்குள் போனால், எடுக்கும் இடம் பச்சையாகக் காட்டப்படும். அதில் மலையையும் மரங்களையும் அழித்து வானத்தை மட்டும் விட்டுவைக்கலாம். முடிவைப் புதிய அடுக்காகப் பெற்றால், பிடிக்காத பகுதியை மட்டும் அழித்து மறுபடி நிரப்பலாம். இந்த ஒரு வசதிக்காகவே மூன்றில் எனக்குப் போட்டோஷாப் முந்துகிறது. லைட்ரூமில் விரைவு உண்டு, இந்தப் பிடி கிடையாது.

ஹுகின் ஓரத்தை நிரப்பாது. சும்மா உள்ளே வெட்டித் தரும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் இந்தப் போட்டியில் அதற்கு இடம் கொடுப்பதற்குக் காரணம், ஓரம் கிழிவதற்கு முன்பே தடுக்கும் திறமை அதற்குத்தான் அதிகம். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இரண்டு விளக்குக் கம்பங்களின் தலையையும் அடியையும் செங்குத்துக் கோடுகள் என்று குறித்தால், மொத்தப் படமும் அவற்றுக்கேற்ப நிமிர்ந்து வில் வளைவு மறையும். விரிப்பு முறைகளும் லைட்ரூமின் மூன்றைவிடப் பல மடங்கு. படங்களுக்கு இடையில் நகர்ந்த மேகங்களில் விழுந்த பொருத்தப் புள்ளிகளை நீக்க Celeste என்ற வசதி இருக்கிறது. மேகத்தைப் பிடித்துக்கொண்டு மலையைக் கோணலாக்கும் சங்கடம் அதனால் குறையும். நிரப்பும் வேலையைப் பிறகு கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் Resynthesizer செருகுநிரலைக் கொண்டு செய்துகொள்ளலாம். பெரிய வெற்றிடத்தை ஒரே மூச்சில் கொடுத்தால் திணறும், துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். பணச் செலவில்லை, நேரச் செலவு உண்டு.

மூன்றுமே கையை விரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது: காட்சிமுனையின் கம்பி வேலி. உடலோடு திரும்பும்போது லென்ஸ் நம் முதுகெலும்பிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருந்தால், 18 பாகைத் திருப்பத்தில் அது 6 செ.மீ. இடம் மாறுகிறது. 3 கி.மீ. தொலைவிலுள்ள மலைக்கு அது ஒரு பிக்சலில் கால் பங்குகூட இல்லை. ஒன்றரை மீட்டரில் நிற்கும் வேலிக்கோ 300 பிக்சலுக்கு மேல். மலை பொருந்தினால் வேலி உடையும், வேலி பொருந்தினால் மலை உடையும். கீழ் ஓரத்தில் உடைந்த கம்பியை நிரப்பி மறைக்க முயல்வது வீண். வேலியை ஒட்டிப்போய் அதற்கு மேலாக எடுப்பதோ, கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவதோதான் வழி.

இப்போது பேனருக்கு வருவோம். 17,000 பிக்சல் அகலத்தையும் காப்பாற்ற 5,667 பிக்சல் உயரம் வேண்டும். கையில் இருப்பது 5,100. குறையும் 567 பிக்சலை மேலே எடுக்கலாம், கீழே எடுக்கலாம், இரண்டு பக்கமும் பங்கிடலாம். நான் முழுவதையும் மேலே எடுப்பேன். வெட்டும் சட்டத்தின் அடியைக் கீழ்ப் பட்டையோடு பொருத்திவிட்டு மேலே நீட்டினால், கேமரா தாழ்ந்துபோன வலது பக்கப் படங்களின் தலைக்கு மேல் மட்டும் ஆப்பு வடிவில் ஒரு வெற்றிடம் வரும். இரண்டு படங்களுக்குக் குறையே இல்லை, மூன்றாவதில் பெயரளவுக்கு, கடைசிப் படத்தில் 567 பிக்சல். மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 4 விழுக்காடு. அத்தனையும் வானம். அதைப் போட்டோஷாப்பில், வானத்தை மட்டும் பச்சையாக விட்டு, வலமிருந்து இரண்டு மூன்று தவணையாக நிரப்பினால் போதும். லைட்ரூமில் இழுத்தும் இதே செவ்வகத்தைப் பெறலாம். ஆனால் 567 பிக்சலையும் ஒரே மூலையில் இழுக்கும்போது வலப்பக்க முகடு இயல்பைவிட எழும்பி நிற்கும். அந்த மலையை அறிந்த ஊர்க்காரர்கள் பார்க்கும் மேடை என்றால் அது உறுத்தும்.

நிரப்பியதைச் சோதிக்கும்போது பெரிதாக்கிப் பார்ப்பதைவிடச் சிறிதாக்கிப் பார்ப்பது பயன் தரும். படத்தைத் திரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கி, இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். பழகிய காட்சி மாறியதும் இரட்டை மேகங்கள் தாமாகக் கண்ணில் படும். நிறம் சீராக மாறும் தெளிந்த வானத்தில் மேகம் இரட்டிக்காது. அங்கே வேறு குறை வரும்: நிரப்பிய பகுதி ஒரு நிழல் கூடுதலாகவோ குறைவாகவோ பட்டையாகத் தெரியும். பொலரைசர் வடிகட்டி போட்டு எடுத்திருந்தால் இது நிச்சயம். 117 பாகையில் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் இன்னொன்று வெளிறியும் இருக்கும், நிரப்பும் கருவி எந்த நீலத்தை எடுப்பது என்று தடுமாறும். அகலப் படம் எடுக்கும் நாளில் அந்த வடிகட்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் முதல் படத்திலேயே பூட்டிவிடுங்கள்.

இறுதியாக அச்சகத்துக்கு ஒரு சேதி. பேனரின் விளிம்பை மடித்துக் கண்ணி அடிப்பார்கள். அதற்கு நான்கு பக்கமும் எவ்வளவு விட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த அளவையும் சேர்த்துச் சட்டத்தை அமையுங்கள். நிரப்பிய வானத்தின் மேல் விளிம்பில் ஒரு பகுதி எப்படியும் அந்த மடிப்புக்குள் போய்விடும்.