மொட்டை மாடி மல்லிக்கு 19:19:19ஆ டீஏபியா, வேப்பெண்ணெயா மஞ்சள் முக்கோணமா?

மதுரையில் மாடித்தோட்டம் என்றால் மற்றது இருக்கிறதோ இல்லையோ, ஒரு மல்லிச் செடி இருக்கும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, தொட்டியில் ஒன்றாவது வைக்காத வீட்டைப் பார்ப்பதே கஷ்டம். ஆனால் உரக்கடையில் இந்தச் செடிக்கென்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 19:19:19 பொட்டலம்தான். தண்ணீரில் கரையும், கலர் அட்டை, "எல்லாச் செடிக்கும் போடலாம்." அது உண்மைதான். எல்லாச் செடிக்கும் போடலாம். மல்லிக்கு அது பொருத்தமா என்பது வேறு கேள்வி.

பையில் இருக்கும் மூன்று எண்ணும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம். அதே வரிசையில்தான் எப்போதும் போடுவார்கள். வயலில் நிற்கும் மல்லிச் செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, செடி ஒன்றுக்கு வருடத்துக்கு 60 கிராம் தழை, 120 கிராம் மணி, 120 கிராம் சாம்பல். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது பாதி, ஜூன், ஜூலையில் பாதி. அதாவது 1:2:2 விகிதம். தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான். 19:19:19 தரும் விகிதம் 1:1:1.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பதினான்கு அங்குலத் தொட்டிக்கு நான் வயல் அளவில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் வருடத்துக்கு 6, 12, 12 கிராம். பன்னிரண்டு கிராம் மணிச்சத்து வேண்டுமென்றால் 19:19:19இல் சுமார் 63 கிராம் போட வேண்டும். சாம்பலும் 12 வந்துவிடும், நல்லது. ஆனால் தழையும் 12 கிராம் வந்து நிற்கும், தேவைக்கு இரண்டு மடங்கு. இப்படித் தழை கூடிய செடியைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்: கரும்பச்சை இலை, முழ நீளத்துக்கு மெல்லிய கிளை, மொட்டு மட்டும் இல்லை. "செடி நல்லா வளருது, பூதான் வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், உரப் பொட்டலத்தின் முதல் எண்ணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது டீஏபி, 18:46:0. இதில் 26 கிராம் போட்டால் மணிச்சத்து 12 கிராமும் தழை 4.7 கிராமும் வரும். மூன்றாவது எண் பூஜ்ஜியம், அதனால் சாம்பலுக்குத் தனியாக வாங்க வேண்டும். சாதாரண பொட்டாஷ் (0:0:60) மலிவு, ஆனால் அதில் குளோரைடு உப்பு சேர்ந்து வரும். ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும்போது, உப்பு தங்கிவிடும் தொட்டியில் அதைச் சேர்க்க நான் தயங்குவேன். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (0:0:50) 24 கிராம் போதும். மீதித் தழைச்சத்து மண்புழு உரம் இரண்டு கைப்பிடியிலேயே வந்துவிடும். மொத்தம் 50 கிராம் உரத்தில் வருடம் முடிகிறது. வயலைப் போல இரண்டு தவணையில் போட்டால் தொட்டியில் வேர் கருகும். எட்டாகப் பிரித்துப் போடலாம். ஒரு தவணைக்கு டீஏபி 3 கிராம், சுமார் அரை டீஸ்பூன், இரவே ஊறப் போட்டு, காலையில் தெளிந்த தண்ணீரை ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றக் கூடாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால், இலை நுனி கருகினால், உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் விடுங்கள்.

டீஏபிக்கு ஒரு குறை உண்டு. மணிச்சத்து அளவுக்கு மீறினால், அதுவும் உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால், செடியால் இரும்பை எடுக்க முடியாது. புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் தெளியும்.

கடலைப் புண்ணாக்கையும் சொல்ல வேண்டும், அம்மா வீட்டில் அதுதான். அதில் தழை ஏழு சதவீதத்துக்கு மணி, சாம்பல் ஒன்றரை போல. இது கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் அருமை. மல்லிக்கு இதை மட்டுமே ஊற்றினால் 19:19:19 கதைதான், நாற்றம் வேறு. வேப்பம் புண்ணாக்கு மெதுவாகக் கொடுக்கும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். கவாத்தின்போது ஒரு கைப்பிடி மண்ணில் கலந்துவிட்டால் போதும்.

சரி, பூச்சி. கடைக்காரர் "இத அடிங்கக்கா, எல்லாம் போயிரும்" என்று ஒரு இமிடாகுளோபிரிட் பாட்டிலைக் கொடுப்பார். வாங்குவதற்கு முன் என்ன பூச்சி என்று தெரிய வேண்டும். மொட்டில் ஓட்டையும் நூலும் இருந்தால் மொட்டுப்புழு. மொட்டு ஊதா நிறமாகி மலராமலே உதிர்ந்தால் மொட்டு ஈ. இலை வெளுத்துப் பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்தால், ஒரு வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளி நகர்ந்தால் சிவப்புச் சிலந்தி. சித்திரை வெயிலில் மதுரை மாடியில் பெரும்பாலும் இதுதான் தொல்லை.

அதற்கு இமிடாகுளோபிரிட் வீண். சிலந்தியைக் கொல்லாது, அதைத் தின்னும் பூச்சிகளைக் குறைத்து, சில நேரம் சிலந்தியைப் பெருக்கியும் விடும். பாட்டிலில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு அதிகபட்ச நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சைதான் குறைந்த நஞ்சு. இமிடாகுளோபிரிட் மஞ்சள். தலையில் வைக்கும் பூவுக்கு, குழந்தை ஓடும் மாடியில், தேனீ வரும் செடியில் மஞ்சளுக்கு வேலை இல்லை என்பது என் கட்சி. முக்கோணமே இல்லாத, சின்ன பாட்டிலில் பிரித்து ஊற்றிய மருந்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

நஞ்சு குறைந்த இரண்டு மாற்று உண்டு. பச்சை முக்கோணம் போட்ட நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், சிலந்திக்கு நல்ல மருந்து. ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அது இலையைப் பொசுக்கும். சிலந்தி வரும் மாதங்களில் இங்கே 38, 40. ஆகவே மருந்து சரி, பருவம் தவறு. மாசிக்கு முன் வேண்டுமானால் பயன்படும்.

கோடைக்கு வேப்பெண்ணெய்தான். செக்கு எண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் ஒரு மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். முதல் நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வலையைக் கலைத்துவிட்டு, மாலை வெயில் இறங்கிய பிறகு அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். மேல் இலையில் மட்டும் அடித்தால் பயனில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், முட்டையிலிருந்து வந்ததை அது பிடிக்கும். அன்றைய மொட்டைப் பறித்து முடித்த பிறகுதான் தெளிக்க வேண்டும், மறுநாள் மொட்டில் வாடை இருக்கும், அதை விட்டுவிடலாம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தொடக் கூடாது, அப்படி அடித்தால் இலை கருகும்.