180 பவுண்டுக்கு நான் வாங்கிய மாதிரிக் கடிதம்

இங்கிலாந்தில் சொலிசிட்டர் படிப்புக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகள் யாராவது, வாட்ஸாப் குழுவில் வரும் "ஆலோசனைக் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறேன்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டினேன். ஒரு பேப்பர் போனது. பணமும் பாதிதான் திரும்பியது.

சென்னையில் சட்டம் முடித்துவிட்டு இங்கே வந்தவள் நான். எங்கள் படிப்பில் மதிப்பெண்ணுக்கு உரிய எழுத்துப் பயிற்சி ஒன்று உண்டு. கட்சிக்காரரின் கோப்பு கையில் கொடுக்கப்படும். அவருக்குப் புரியும்படி நாம் ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த வருடம் வந்த தலைப்பு லீஸ் மீறல். நம் ஊரில் "லீஸுக்கு வீடு" என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. இங்கே அது இல்லை. பல வருடங்களுக்கு எழுதிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே வாடகை கட்டும் கடைக் குத்தகை.

குழுவில் ஒருவர் இருந்தார். நம்ம ஆள், தமிழில் பேசுவார், "பதினைந்து வருஷமா சொலிசிட்டர்" என்று சொல்லிக்கொள்வார். "கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். 180 பவுண்டுக்கு ஒரு மாதிரிக் கடிதம், அதோடு நான் எழுதும் ஒரு பயிற்சிக் கடிதத்துக்குத் திருத்தம். இன்னும் 250 பவுண்டு கொடுத்தால் மதிப்பீட்டுக் கடிதத்தையே எழுதித் தருவதாகவும் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு மாணவருக்கு இப்படி எழுதிக் கொடுப்பது இங்கிலாந்தில் 2022-இல் வந்த சட்டப்படி குற்றம் என்று எங்கள் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட அந்த நிமிடமே அவரோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது உறைக்கவில்லை.

வந்த மாதிரிக் கடிதம் பார்க்க ஜோராக இருந்தது. ஆறு பக்கம், பக்கத்துக்கு மூன்று வழக்குகள். என் பயிற்சிக் கடிதத்துக்கு வந்த திருத்தம் நாலே வரி: "நன்று. வழக்குகள் இன்னும் சேர்க்கவும். முடிவு உறுதியாக இருக்கட்டும்." அந்தக் கடிதத்தின் எலும்புக்கூட்டை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு போய் மதிப்பீட்டை எழுதினேன். தேறவில்லை.

பிறகு எங்கள் ஆசிரியை என்னை உட்கார வைத்து, கோப்பையும் என் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடிதம் எங்கே கெட்டது என்று தெரிந்தால்தான், யாராவது இப்படி ஒன்றை விற்க வரும்போது உங்களுக்கு அடையாளம் தெரியும்.

கோப்பில் இருந்த கதை இது. பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெண்மணி. 2019 மார்ச் 25-இல் தொடங்கிய பத்து வருட லீஸ். கால் வருடத்துக்கு 6,000 பவுண்டு வாடகை, பாக்கி எதுவும் இல்லை. கட்டடப் பழுது முழுக்க அவர் பொறுப்பு. 2023 மே மாதம், உரிமையாளரின் சம்மதம் கேட்காமல் மாடி அறையை ஒரு தையற்காரருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார். ஜூன் 5-இல் உரிமையாளரின் ஏஜென்ட் வந்து பார்த்து, "மாடியில் வேறு ஆள் இருக்கிறாரே" என்று மின்னஞ்சலும் அனுப்பினார். ஜூன் 24-க்குரிய வாடகையை அதே ஏஜென்ட் எப்போதும்போல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜூலை 10-இல் நோட்டீஸ் வந்தது: உள்வாடகை ஒரு மீறல், ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட பின்சுவரும் இன்னொரு மீறல், லீஸை முடிக்கப் போகிறோம். கட்சிக்காரர் கேட்ட கேள்வி இரண்டு. "கடையை விட்டுப் போக வேண்டுமா? இது தீரும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?" நாம் கடிதம் எழுதும் தேதி ஜூலை 20.

மாதிரிக் கடிதத்தைப் பின்பற்றி உள்வாடகை பற்றி நான் எழுதியது: "இந்த மீறல் சரிசெய்ய முடியாதது, எனவே உரிமையாளர் லீஸை முடிக்கலாம், சமரசமாக வெளியேறுவது நல்லது." இதற்கு ஆதாரம் 1973-ஆம் வருட ஸ்காலா ஹவுஸ் வழக்கு. அனுமதியில்லாத உள்வாடகை சரிசெய்ய முடியாத மீறல் என்று அந்தத் தீர்ப்பு சொல்வது உண்மைதான். ஆனால் அதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குத்தகைதாரருக்கு நிவாரணம் கொடுத்து லீஸைக் காப்பாற்றியது! தீர்ப்பைக் கடைசி வரை படித்த எவரும் இதை விட்டிருக்க மாட்டார்கள். விற்றவர் தலைக்குறிப்போடு நின்றுவிட்டார். நானும்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஜூன் 24 வாடகை. உள்வாடகைக்கு விடுவது ஒரே தடவையில் நடந்து முடிந்துவிடும் மீறல். அது தெரிந்த பிறகும், அதற்குப் பின் விழுந்த வாடகையை உரிமையாளர் கேட்டாலே போதும், அந்த மீறலுக்காக லீஸை முடிக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இங்கிலாந்துச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏஜென்டுக்குத் தெரிந்தது உரிமையாளருக்குத் தெரிந்ததுதான். "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி" என்று ரசீதில் எழுதி வைத்தாலும் அது காப்பாற்றாது. இந்தப் பயத்தில்தான் இங்கே உரிமையாளர் தரப்பு வக்கீல்கள், மீறல் தெரிந்த அன்றே "வாடகை கேட்காதே, வந்தாலும் வாங்காதே" என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிடுவார்கள். கோப்பில் அந்த மின்னஞ்சலும் வாடகை ரசீதும் சும்மா செருகப்பட்டவை அல்ல. மொத்தப் பயிற்சியும் அந்த இரண்டு காகிதத்தில்தான் இருந்தது. நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் உரிமையாளருக்கு மிச்சம் இருக்கும், அதையும் கடிதத்தில் சொல்ல வேண்டும்.

கூரையும் சுவரும் அப்படி இல்லை. பழுது பார்க்காமல் விடுவது தினம் தினம் தொடரும் மீறல். வாடகை வாங்கிக்கொண்டாலும் அடுத்த நாளே உரிமை திரும்ப முளைத்துவிடும். ஆகவே இங்கே வேறு கவசம் வேண்டும். ஏழு வருடமோ அதற்கு மேலோ எழுதப்பட்ட லீஸாக இருந்து, இன்னும் மூன்று வருடமாவது பாக்கி இருந்தால், பழுது விஷயத்தில் 1938-ஆம் வருடச் சட்டம் ஒன்று குத்தகைதாரருக்குக் கை கொடுக்கிறது. நோட்டீஸ் கிடைத்த 28 நாளுக்குள் அவர் ஓர் எதிர் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமையாளர் லீஸை முடிக்கவும் முடியாது, நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடவும் முடியாது. பேக்கரிக்கு ஐந்தரை வருடத்துக்கு மேலேயே பாக்கி இருந்தது. ஜூலை 10-இல் இருந்து 28 நாள் என்றால் ஆகஸ்ட் 7. கடிதம் எழுதும் நாளில் கையில் பதினெட்டு நாள்.

அந்தத் தேதி என் கடிதத்தில் இல்லை. மாதிரிக் கடிதத்தில் எந்தத் தேதியுமே இல்லை. "நோட்டீஸின் கடைசிப் பத்தியில் இந்த உரிமையைப் பற்றி எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று ஆசிரியை கேட்டார். சட்டப்படி அதை எழுதாவிட்டால் அந்த நோட்டீஸே செல்லாது, அதனால் எழுதித்தான் இருப்பார்கள். நான்தான் படிக்கவில்லை.

மூன்றாவதாக, வாடகையை நிறுத்துவது. மாதிரிக் கடிதம் சொன்னது: "பழுதுகள் சரியாகும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாம்." இதை நான் சந்தேகப்படாததற்கு என் சென்னைப் படிப்பும் ஒரு காரணம். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்யாவிட்டால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதே வாசனை அடித்ததால் விழுங்கிவிட்டேன். ஆனால் இந்தக் கோப்பில் பழுது பார்க்க வேண்டியவர் கட்சிக்காரரே! தான் செய்யாத வேலைக்கு உரிமையாளரின் வாடகையை எப்படி நிறுத்துவார்?

நிறுத்தினால் நடப்பது இதுதான். மற்ற மீறல்களுக்கு 1925-ஆம் வருடச் சொத்துச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். வாடகை பாக்கிக்கு அது தேவையே இல்லை. லீஸில் சொன்ன அவகாசம் தாண்டியதும், ஆள் இல்லாத நேரத்தில் உரிமையாளர் வந்து கடைப் பூட்டையே மாற்றிவிடலாம். வலுவாக இருந்த கட்சிக்காரரை நான் என் கையாலேயே தள்ளிவிட்டேன். சரியான பதில் தலைகீழ்: செப்டம்பர் 29 வாடகையை நாள் தவறாமல் கட்டுங்கள், வாங்க மறுத்தால் தனியாக எடுத்து வையுங்கள், கூரைக்கு மேஸ்திரியைப் பார்க்கத் தொடங்குங்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். அவர் பெயரைத் தேடினேன், இல்லை. சொலிசிட்டர் அல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வது இங்கே 1974-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அதைக் குறிப்பிட்டு, 2015 நுகர்வோர் சட்டப்படி வேலை நியாயமான திறமையோடு செய்யப்படவில்லை என்றும் எழுதிப் பணம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து 90 பவுண்டு வந்தது, ஒரு வார்த்தை பதில் இல்லை. வங்கி வழியாக நேரே அனுப்பியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் என்பதால் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். ஆணையத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இப்போதும் இப்படி ஒரு மாதிரிக் கடிதம் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது தேதியை. கட்சிக்காரர் எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா? அடுத்து, எத்தனை வழக்குப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். பேக்கரி நடத்தும் பெண்மணிக்கு ஸ்காலா ஹவுஸ் எதற்கு? குடியிருப்பு வாடகைக்குரிய சொல், உதாரணமாகப் பிரிவு 21, கடை லீஸ் கடிதத்தில் எட்டிப் பார்த்தால் அது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. நான் வாங்கியதன் நான்காம் பக்கத்தில் அது இருந்தது, இரண்டு தடவை.

மறு தேர்வில் கோப்பு மாறியிருந்தது. துணிக்கடை, அனுமதியில்லாமல் சுவரை இடித்த விவகாரம். ஒன்றரைப் பக்கம் எழுதினேன், ஒரே ஒரு வழக்குப் பெயரும் இல்லாமல். 64 வந்தது. அந்த மனிதர் வேறொரு எண்ணில் இருந்து அதே குழுவில் மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார், இந்த முறை விலை 220.