அம்மாவின் வீடு சென்னையில், மகள் அமெரிக்காவில்: பவரா, விடுதலையா, நேரில் வருவதா?

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃப்ளாட். அம்மா பெயரில் இருந்தது. அப்பா முன்பே போய்விட்டார், இப்போது அம்மாவும் இல்லை. உயில் எழுதவில்லை. அண்ணன் சென்னையில் இருக்கிறார். தங்கை நியூஜெர்சியில், அமெரிக்கக் குடியுரிமையும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இருவருக்கும் சரிபாதி. 1 கோடியே 20 லட்சத்துக்கு ஆள் வந்துவிட்டார். தங்கை எப்படிக் கையெழுத்துப் போடுவது, அவருடைய 60 லட்சம் எப்படி அமெரிக்கா போவது என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம். இதற்கு மூன்று வழிகளை ஆளாளுக்குச் சொல்வார்கள். மூன்றையும் இந்த ஒரே குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். அதில் தங்கையின் பெயர் இருக்க வேண்டும், அதுவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் இது பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், பான் அட்டையில் வேறொரு வரிசை. விண்ணப்பிக்கும்போதே இரண்டு வடிவங்களையும் குறிப்பிட்டு, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால், சார்பதிவாளர் மேஜையிலும் பிறகு வங்கி மேஜையிலும் அதே கேள்வி மறுபடி வரும்.

விடுதலைப் பத்திரம்: சுலபமாகத் தெரியும் வழி

“நீ உன் பாகத்தை அண்ணனுக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிடு, அவர் விற்றுப் பணத்தை அனுப்பிவிடுவார்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் உள்நாட்டுவாசி என்பதால் வாங்குபவர் பிடிக்கும் வரி 1 சதவீதம்தான். வாங்குபவருக்கும் இதுவே பிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது.

அம்மா அந்த ஃப்ளாட்டை 1998-இல் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 1-4-2001 அன்றைய மதிப்பு, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், 8 லட்சம். வரிக்கு அதையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் பெயரில் முழுவதும் விற்றால் ஆதாயம் 1 கோடியே 12 லட்சம். 12.5 சதவீத வரி 14 லட்சம். ஆதாயம் 1 கோடியைத் தாண்டுவதால் 15 சதவீத சர்சார்ஜ், அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் சுமார் 16.74 லட்சம். இருவரும் தனித்தனியாக விற்றால் ஆளுக்கு 56 லட்சம் ஆதாயம், சர்சார்ஜ் 10 சதவீதம்தான், வரி ஆளுக்குச் சுமார் 8.01 லட்சம். கூட்டினால் 16.02 லட்சம். ஒரே கையில் சேர்ப்பதால் குடும்பம் ஏறத்தாழ 73 ஆயிரம் கூடுதலாகக் கட்டுகிறது. அண்ணனின் மற்ற வருமானத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. விடுதலைப் பத்திரத்தின் முத்திரைச் செலவு வேறு.

அடுத்து, பணம் போகும் பாதை. அண்ணன் தங்கைக்கு அன்பளிப்பாக அனுப்ப வேண்டும். உள்நாட்டுவாசி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்கூட்டியே வசூலிக்கும். வரி போக 52 லட்சம் அனுப்பினால் 42 லட்சத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். அண்ணன் ரிட்டர்ன் போடும்போது இது கழியும் அல்லது திரும்ப வரும், உண்மைதான். ஆனால் அதுவரை அந்தப் பணத்தைப் புரட்ட வேண்டியவர் அவர்.

இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. விடுதலை எழுதிய நாளிலிருந்து சட்டப்படி அந்த வீடு முழுவதும் அண்ணனுடையது. பணம் கை மாறுவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், தங்கையின் பாதி அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் போகும். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லாத வீடுகளிலேயே இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. தங்கை தன் பாகத்தை உண்மையிலேயே அண்ணனுக்குக் கொடுத்துவிட நினைத்தால் விடுதலைப் பத்திரம் சரியான ஆவணம். விற்றுப் பணம் வாங்க நினைத்தால் அது தப்பான ஆவணம்.

பவர்: தூதரகமா, நோட்டரியா?

தங்கை தன் பெயரிலேயே விற்கிறார், கையெழுத்து மட்டும் அண்ணன் போடுகிறார். இதற்குத்தான் பவர். பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, வெளிநாட்டில் இருப்பவர் நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ எழுதிய பவரைச் சமமாகவே ஏற்கிறது. “தூதரக முத்திரை இருந்தால்தான் செல்லும்” என்பது பாதி உண்மை. நடைமுறையில் தூதரக முத்திரையைப் பார்த்தால் சார்பதிவாளரும் வாங்குபவரின் வங்கி வக்கீலும் கேள்வி கேட்பது குறைவு, அவ்வளவுதான்.

நோட்டரி வழியில் போனால் அதன்மேல், ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். அமெரிக்காவில் அந்தந்த மாநில அரசு அலுவலகமே அதைத் தரும். தூதரகத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கு இதுவே வேகமான வழி. ஆனால் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளும் உண்டு. துபாயில் இருப்பவர் தூதரகத்துக்குப் போவதே நல்லது.

பவர் சென்னைக்கு வந்தபின் செய்ய வேண்டியதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டில் வெள்ளைத்தாளில் எழுதிய பவருக்கு, அது இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன் என்று சொன்னால் தெரியும். கூரியர் உறையைப் பத்திரமாக வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி. 3 மாதம் கடந்துவிட்டால் புதிதாக எழுதி வாங்குவதே பெரும்பாலும் குறைந்த சிரமம். அதனால் விலை பேசி முடிக்கும் முன்பே பவரை அனுப்பிவிட்டு பீரோவில் வைத்துக்கொள்வது சரியல்ல.

பவர் தந்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும். அதனால் கிரயத்தன்று தங்கை உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சமீபத்தில் எடுத்த சான்று கேட்பார்கள். பதிவு நாள் முடிவானதுமே அதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

பவரில் என்ன எழுதுவது என்பது யார் முன் எழுதுவது என்பதைவிட முக்கியம். பொது பவர் வேண்டாம், இந்த ஒரு ஃப்ளாட்டை விற்பதற்கு மட்டுமான தனி பவர் போதும். சொத்து விவரம் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். விற்பனைப் பணத்தை ஏஜென்ட் வாங்கலாம் என்ற வரியை எடுத்துவிட்டு, தங்கையின் என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில்தான் பணம் செலுத்தப்பட வேண்டும் என்று கணக்கு எண்ணோடு எழுதுங்கள். அண்ணன்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. அவர் கணக்குக்குப் போன பணத்தை அங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும்போது அது தங்கையின் விற்பனைப் பணம் என்று நிரூபிக்க இருவரும் அல்லாடுவார்கள்.

நேரில் வருவது

அட்ஜுடிகேஷன் இல்லை, உயிர்ச்சான்று இல்லை, விரல் ரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நம்பிக்கையான ஆள் சென்னையில் இல்லாதவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்கினால் பதிவு நாள் தள்ளிப்போகும், திரும்பும் டிக்கெட் தள்ளிப்போகாது. கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின் டிக்கெட் எடுப்பது நல்லது. இந்தக் குடும்பத்தில் அண்ணன் இருப்பதால் தனி பவரே என் தேர்வு.

பிடித்த வரியும் போகும் பணமும்

பவரோ நேரிலோ, தங்கையின் பங்குக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் தவறு. வெளிநாட்டுவாசியின் பங்கில் முழு விலைக்கும் வரி பிடிக்க வேண்டும். 60 லட்சத்துக்கு 12.5 சதவீதம், சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 14.3 சதவீதம், அதாவது 8 லட்சத்து 58 ஆயிரம். விற்பனை ஒப்பந்தத்திலேயே அவர் வெளிநாட்டுவாசி என்றும் எவ்வளவு பிடிப்பது என்றும் எழுதிவிட வேண்டும். பதிவுக்குப்பின் அந்த வரி தங்கையின் பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தேவையான சான்றிதழை ஆடிட்டர் தரமாட்டார், பணம் அப்படியே நிற்கும்.

“குறைந்த வரிச் சான்றிதழ் வாங்கிவிடு” என்பது இன்னொரு பொதுவான ஆலோசனை. வாங்குபவர் குறைவாக வரி பிடிக்க வருமான வரித் துறை தரும் அனுமதி அது. இந்த வீட்டுக்கு அது தேவையில்லை. பிடிப்பது 8.58 லட்சம், உண்மையான வரி 8.01 லட்சம், வித்தியாசம் 57 ஆயிரம். அதற்காக வாங்குபவரைக் காக்க வைக்க வேண்டாம், ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். இதே ஃப்ளாட்டை அம்மா 2014-இல் 70 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் கதை வேறு. தங்கையின் ஆதாயம் 25 லட்சம், வரி 3.25 லட்சம்தான், ஆனால் பிடிப்பது அதே 8.58 லட்சம். 5 லட்சத்துக்கு மேல் முடங்கும். அங்கே சான்றிதழுக்கு ஒப்பந்தம் போட்ட கையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

மீதிப் பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் வந்ததும், ஆடிட்டர் சான்றிதழும் ஆன்லைன் அறிவிப்பும் கொடுத்து வங்கியில் கேட்கலாம். 15-சி.பி., 15-சி.ஏ. என்று நமக்குப் பழகிய படிவங்கள் இவைதான். 1-4-2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை, ஆகவே படிவ எண்ணை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வங்கி கேட்கும் மற்றவை இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், கிரயப் பத்திர நகல், வரி கட்டிய ஆதாரம். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை போகலாம். இங்கே போவது சுமார் 51 லட்ச ரூபாய் என்பதால் வரம்பு பக்கத்தில்கூட வராது. 20 சதவீத முன்வசூலும் இந்த வழியில் கிடையாது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த நாட்டு வரிக்கு அம்மா இறந்த நாளன்று வீட்டின் மதிப்புதான் அடக்க விலை. அந்தத் தேதிக்கு ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை இப்போதே வாங்கி வைத்தால் அங்கே கணக்குக் காட்டுவது எளிது.

பணம் போய்ச் சேர்ந்ததும் என்.ஆர்.ஓ. கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். அந்த 57 ஆயிரம் ரீஃபண்ட் வந்து விழ ஒரு கணக்கு வேண்டும்.